பாறை விளிம்பிலிருந்து எறிந்த கல் எங்கே விழும், எவ்வளவு வேகத்தில் மோதும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பில் எறிபொருள் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்விகள் வரும். முகங்கள் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லா பதில்களிலும் ஒரே பாறைதான், ஒரே கல்தான். பாறையின் உயரம் 44.1 மீட்டர், ஏறத்தாழ பதினான்கு மாடிக் கட்டடம். எறியும் வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீசுபவர்கள் இதைவிட வேகமாகவே எறிவார்கள், ஆகவே இது நடக்கக்கூடிய வேகம்தான். கீழே தரை சமமாக இருக்கிறது, காற்றுத் தடையை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். அதைப் பற்றிக் கடைசிக்கு முன் பேசுவோம்.

பக்கவாட்டில் வேகமாக எறிந்த கல்லும் சும்மா கைவிட்ட கல்லும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்கிறார்கள். எப்படி நம்புவது?

முதலில் செய்து பாருங்கள், பிறகு காரணத்துக்கு வருவோம். மேசையின் ஓரத்தில் ஓர் அளவுகோலைச் சற்றுச் சாய்வாக வையுங்கள், அதன் ஒரு முனை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம். இன்னொரு நாணயத்தை மேசையின் மேலேயே, விளிம்பை ஒட்டி, அளவுகோலின் பக்கத்தில் வையுங்கள். அளவுகோலை விரலால் சட்டென்று தட்டினால் மேசை மேலிருந்த நாணயம் அடிபட்டுப் பாய்ந்து போகும். அளவுகோலின் மேலிருந்தது, காலடியில் பலகை நகர்ந்துவிட்டதைப் போல, நேராகக் கீழே விழும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சத்தம் ஒன்றுதான் கேட்கும். வேகமாகத் தட்டினாலும் மெதுவாகத் தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

காரணம் இதுதான். கையை விட்ட பிறகு கல்லின் மேல் இருப்பது புவியீர்ப்பு விசை மட்டும். அது கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. பக்கவாட்டில் இழுக்கவோ தள்ளவோ எதுவும் இல்லை. விசை இல்லாத திசையில் வேகம் மாறாது. ஆகவே கல் பக்கவாட்டில் நொடிக்கு 20 மீட்டர் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். கீழ்நோக்கிய திசையிலோ, எறிந்த கல்லுக்கும் கைவிட்ட கல்லுக்கும் தொடக்க வேகம் சுழியம், இரண்டையும் இழுப்பது ஒரே முடுக்கம். அப்படியென்றால் ஒன்று முந்துவதற்கு வழியே இல்லை.

நம்முடைய பாறையில் இதைப் படமாக நினைத்துப் பாருங்கள். 1 நொடி கழித்துக் கல் 20 மீட்டர் தள்ளி, 4.9 மீட்டர் கீழே இருக்கும். 2 நொடி கழித்து 40 மீட்டர் தள்ளி, 19.6 மீட்டர் கீழே. 3 நொடி கழித்து 60 மீட்டர் தள்ளி, 44.1 மீட்டர் கீழே, அதாவது தரையில். பக்கவாட்டுத் தூரம் 20, 40, 60 என்று சமப் படிகளாகப் போகிறது, கீழிறக்கம் படிக்குப் படி பெரிதாகிறது. இந்தப் புள்ளிகளை இணைத்தால் வருவதுதான் பரவளையம்.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது? எனக்கு எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்றே தெரியவில்லை.

சமன்பாட்டைத் தேடுவதற்கு முன் தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. கணக்கில் கொடுத்த ஒவ்வோர் எண்ணையும் அதனதன் பக்கத்தில் எழுதுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தவறுகளில் பெரும்பாலானவை சமன்பாட்டில் நடப்பதில்லை, ஒரு பக்கத்து எண் இன்னொரு பக்கத்துக்குத் தாவும்போதுதான் நடக்கின்றன.

கல்லைக் கிடைத்தளமாக எறிந்தால் இடப்பக்கம் வேகம் 20, முடுக்கம் 0. வலப்பக்கம் தொடக்க வேகம் 0, முடுக்கம் 9.8, கடக்க வேண்டிய உயரம் 44.1. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: நேரம். எந்தப் பக்கம் நேரத்தைத் தரும் என்று பாருங்கள். கல் எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தரை, தரை இருப்பது கீழே. ஆகவே வலப்பக்கம்தான் நேரத்தைத் தரும்.

```
h = ½ g t²
44.1 = 4.9 t²
t² = 9,  t = 3
```

3 நொடி கிடைத்ததும் அதை இடப்பக்கம் கொண்டுபோங்கள்.

```
R = u t = 20 × 3 = 60
```

கல் பாறையின் அடியிலிருந்து 60 மீட்டர் தள்ளி விழுகிறது. இதைத்தான் பாடநூல் கிடைத்தள நெடுக்கம் என்கிறது.

அந்தத் தாவல் எப்படி இருக்கும் என்றும் காட்டிவிடுகிறேன். சிலர் s = ut + ½gt² என்று மனப்பாடமாக எழுதி, u என்ற இடத்தில் 20-ஐப் போட்டுவிடுவார்கள். அப்போது நேரம் 1.59 நொடி என்று வரும், நெடுக்கம் 31.8 மீட்டர் என்று வரும். விடை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அது கல்லை நேராகக் கீழ்நோக்கி 20 மீ/வி வேகத்தில் எறிந்தால் ஆகும் நேரம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே உயரத்திலிருந்து சும்மா கைவிட்டால் எத்தனை நொடி என்று தனியாகப் போட்டுப் பாருங்கள். கிடைத்தளமாக எறிந்த கல்லுக்கு அதே நேரம் வந்தாக வேண்டும். குறைவாக வந்தால் 20 வலப்பக்கம் தாவிவிட்டது.

மோதும் வேகத்துக்கு 20 + 29.4 = 49.4 என்று போட்டேன். ஏன் தப்பு?

29.4 சரி. கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 9.8 வீதம் ஏறி, 3 நொடியில் 29.4 மீ/வி ஆகியிருக்கும். 20-உம் சரி. கூட்டியதுதான் சரியில்லை. ஒன்று பக்கவாட்டில் பார்க்கிறது, இன்னொன்று கீழே பார்க்கிறது. கிழக்கே 3 கிலோமீட்டரும் தெற்கே 4 கிலோமீட்டரும் நடந்தவர் கிளம்பிய இடத்திலிருந்து 7 கிலோமீட்டர் தூரத்தில் இல்லை, 5 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறார். இங்கேயும் அதே செங்கோண முக்கோணம்தான்.

```
v² = 20² + 29.4² = 400 + 864.36 = 1264.36
v = 35.56
```

நொடிக்கு 35.56 மீட்டர், அதாவது மணிக்கு 128 கிலோமீட்டர். எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று கேட்டால், 29.4-ஐ 20-ஆல் வகுத்தால் 1.47. அதன் கோணம் 56 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இது தரையிலிருந்து அளக்கும் கோணம், செங்குத்துக் கோட்டிலிருந்து அல்ல. தலைகீழாக வகுத்தால் 34 டிகிரி வரும், அது செங்குத்திலிருந்து அளந்தது. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மோதும் வேகம் எப்போதும் இரண்டு கூறுகளில் பெரியதைவிட அதிகமாகவும், இரண்டின் கூட்டலைவிடக் குறைவாகவும் இருக்கும். இங்கே 29.4-க்கும் 49.4-க்கும் இடையில். உங்கள் விடை அதற்கு வெளியே போனால் திரும்பிப் பாருங்கள்.

கல் தரையில் விழுந்ததும் நின்றுவிடுகிறதே. அப்போது கடைசி வேகம் சுழியம்தானே?

தொடுவதற்கு முந்தைய கணத்தின் வேகத்தைத்தான் கேட்கிறோம். தொட்ட பிறகு தரை கல்லைத் தள்ளுகிறது, புதிதாக ஒரு விசை வந்துவிட்டது. நம் சமன்பாடுகள் எல்லாம் புவியீர்ப்பு மட்டும் இருக்கும்வரைதான் செல்லும். கையை விட்ட கணத்தில் தொடங்கி, தரையைத் தொடும் கணத்தில் முடிகிறது அவற்றின் எல்லை. v = 0 என்று போட்டால் தொடக்க வேகம் மேல்நோக்கி இருந்ததாகக் கணக்கு நினைத்துக்கொள்ளும், அப்புறம் வருவதெல்லாம் வேறு கதை.

சாய்வாக மேல்நோக்கி எறிந்தால் குறிகள் குழப்புகின்றன. 44.1-க்கு கூட்டல் குறியா, கழித்தல் குறியா?

எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டு அதிலேயே நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் எனக்கு வசதியாகத் தோன்றுவது கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாக வைப்பது. கல் முடிவில் போய்ச் சேர்வது கீழேதான், புவியீர்ப்பும் கீழேதான். இரண்டும் நேர்க்குறி ஆகிவிட்டால் மேல்நோக்கிய தொடக்க வேகம் ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறி போட்டால் போதும். மேல்நோக்கி நேர்க்குறி என்று வைத்துப் பழகியவர்கள் அப்படியே செய்யுங்கள். அப்போது 44.1, 9.8 இரண்டுக்குமே கழித்தல் குறி வரும். ஒன்றுக்குப் போட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமான விபத்து.

20 மீ/வி வேகத்தில் 30 டிகிரி மேல்நோக்கி எறிவதாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை, வேகத்தை இரண்டாகப் பிரிப்பது. கிடைத்தளக் கூறு 20 cos 30° = 17.32. செங்குத்துக் கூறு 20 sin 30° = 10, மேல்நோக்கி. கோணம் கிடைத்தளத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தால்தான் cos கிடைத்தளத்துக்கு வரும். இனி 20 என்ற எண்ணுக்கு இந்தத் தாளில் வேலை இல்லை. அதை அடித்துவிடுங்கள் என்றுகூட வகுப்பில் சொல்வதுண்டு, இல்லையென்றால் அது எங்கேயாவது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வலப்பக்கத்தில், கீழ்நோக்கி நேர்க்குறி என்று வைத்து:

```
44.1 = -10 t + 4.9 t²
4.9 t² - 10 t - 44.1 = 0
t = (10 + √(100 + 864.36)) / 9.8
t = (10 + 31.05) / 9.8 = 4.19
```

இடப்பக்கத்தில் 17.32 × 4.19 = 72.6. கல் 72.6 மீட்டர் தள்ளி விழுகிறது.

இருபடிச் சமன்பாடு பிடிக்கவில்லையா? பயணத்தை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய 10 மீ/வி வேகம் கரைய 10 ÷ 9.8 = 1.02 நொடி. அந்த நேரத்தில் கல் 5.1 மீட்டர் ஏறியிருக்கும். உச்சியில் செங்குத்து வேகம் சுழியம், அங்கிருந்து தரை 44.1 + 5.1 = 49.2 மீட்டர் கீழே. அதை விழுந்து கடக்க 3.17 நொடி. மொத்தம் 4.19. நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் இந்த வழியில் குறிகள் தவறுவதற்கு இடமே இல்லை, எண்களுக்கு உருவமும் இருக்கிறது. ஆனால் உச்சியில் கல் முழுவதுமாக நின்றுவிடுவதாக நினைக்காதீர்கள். அங்கேயும் அது 17.32 மீ/வி வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இருபடிச் சமன்பாட்டில் நேரத்துக்கு இரண்டு விடை வருகிறது. கழித்தல் விடையைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். அதற்கு அர்த்தமே இல்லையா?

இருக்கிறது, எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். மேலே போட்ட கணக்கில் இன்னொரு விடை (10 − 31.05) ÷ 9.8 = −2.15. கணக்குக்கு நீங்கள் பாறை மேல் நிற்பது தெரியாது. 0 நொடியில் கல் இந்த உயரத்தில், இந்த வேகத்தில் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பாறையே இல்லாமல், யாரோ தரையிலிருந்து எறிந்து அந்தக் கல் இப்படி வந்திருந்தால், 2.15 நொடிக்கு முன் அது தரையை விட்டுக் கிளம்பியிருக்கும் என்று அது சொல்கிறது. பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால் தரையைத் தொடும் இடம் அது. நம் கதை கல் கையை விட்ட பிறகுதான் தொடங்குகிறது என்பதால் அந்த விடையை விடுகிறோம்.

இந்த 2.15-ஐ நினைவில் வையுங்கள், அடுத்த பதிலில் திரும்ப வரும்.

கீழ்நோக்கிச் சாய்த்து எறிந்தால்தானே அதிக வேகத்தில் மோதும்?

இல்லை. அதே 20 மீ/வி வேகத்தில் 30 டிகிரி கீழ்நோக்கி எறிந்து பார்ப்போம். செங்குத்துக் கூறு இப்போது கீழ்நோக்கி 10. சமன்பாடு 44.1 = 10t + 4.9t². நேரம் 2.15 நொடி. முந்தைய பதிலில் தூக்கிப்போட்ட அதே எண், கழித்தல் குறி மட்டும் இல்லை. நெடுக்கம் 17.32 × 2.15, ஏறத்தாழ 37.2 மீட்டர்.

மோதும்போது செங்குத்து வேகம் 10 + 9.8 × 2.15 = 31.05. மேல்நோக்கி எறிந்தபோது? −10 + 9.8 × 4.19 = 31.05. கிடைத்தளக் கூறு இரண்டிலும் 17.32. ஆகவே மோதும் வேகம் இரண்டிலும் √(300 + 964.36) = 35.56. கிடைத்தளமாக எறிந்தபோது வந்த அதே 35.56!

இது தற்செயலாக வந்ததல்ல. மேல்நோக்கி எறிந்த கல் ஏறி, இறங்கி, பாறை விளிம்பின் மட்டத்துக்குத் திரும்பி வரும்போது அதன் செங்குத்து வேகம் மறுபடியும் 10 ஆகியிருக்கும், இம்முறை கீழ்நோக்கி. அந்தக் கணத்திலிருந்து அது கீழ்நோக்கி எறிந்த கல்லேதான். மேலே போய் வந்த 2.04 நொடி மட்டும்தான் கூடுதல். 2.04-ஐயும் 2.15-ஐயும் கூட்டினால் 4.19.

ஆற்றல் வழியில் பார்த்தாலும் இதையே காணலாம். எறியும்போது கொடுத்த இயக்க ஆற்றலும், 44.1 மீட்டர் இறங்கியதில் கிடைத்த ஆற்றலும் சேர்ந்ததுதான் மோதும்போது இருப்பது. அதில் திசைக்கு இடமே இல்லை.

```
v² = u² + 2gh = 400 + 864.36
```

திசை மாறினால் நேரம் மாறும், நெடுக்கம் மாறும், மோதும் கோணம் மாறும். மோதும் வேகத்தின் அளவு மட்டும் மாறாது. கணக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசியில் இந்த ஒரு வரியைப் போட்டுச் சரிபாருங்கள். கூறுகளாகப் பிரித்துக் கண்ட வேகமும் இந்த வேகமும் ஒத்துப்போகவில்லை என்றால், எங்கேயோ குறியோ sin, cos-ஓ மாறியிருக்கிறது.

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்று படித்தோம். பாறையிலிருந்தும் அப்படித்தானா?

அது எறியும் மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருக்கும்போது மட்டும். நம் பாறையிலிருந்து 45 டிகிரியில் எறிந்தால் இரண்டு கூறும் 14.14. நேரம் 4.77 நொடி, நெடுக்கம் 67.5 மீட்டர். 30 டிகிரியில் 72.6 மீட்டர் வந்தது. ஐந்து மீட்டர் வித்தியாசம்!

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். சமதரையில் கல் காற்றில் இருக்கும் நேரம் முழுவதையும் மேல்நோக்கிய கூறுதான் சம்பாதிக்க வேண்டும். மேல்நோக்கிய கூறு இல்லையென்றால் பறக்கும் நேரமே இல்லை. பாறை விளிம்பிலோ எதுவும் செய்யாமலே 3 நொடி கையில் இருக்கிறது, உயரம் கொடுத்தது. அந்த 3 நொடியை நன்றாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் பக்கவாட்டு வேகம் அதிகம் வேண்டும். ஆகவே கோணம் 45-க்குக் கீழே இறங்குகிறது. பாறை உயர உயர இன்னும் இறங்கும். அதே பாறையில் எறியும் வேகம் கூடக் கூட 45-ஐ நோக்கித் திரும்பி ஏறும், ஏனென்றால் மிக வேகமாகப் போகும் பொருளுக்கு 44 மீட்டர் ஒரு பொருட்டல்ல.

சிறந்த கோணத்துக்கு அழகான ஒரு விதி இருக்கிறது. அதன் tan மதிப்பு, எறியும் வேகத்தை மோதும் வேகத்தால் வகுத்தால் வருவது. இங்கே 20 ÷ 35.56 = 0.5625, கோணம் 29.4 டிகிரி. நாம் எளிமைக்காக எடுத்த 30 டிகிரி கிட்டத்தட்ட அதுவேதான். பாறையின் உயரம் சுழியம் என்றால் இரண்டு வேகமும் ஒன்று, tan 1, கோணம் 45. பழைய விதி உள்ளேயே அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிறந்த கோணத்தில் எறிந்தால், கல் கிளம்பும் திசையும் மோதும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். 29.4 டிகிரி மேலே பார்த்துக் கிளம்பி, 60.6 டிகிரி கீழே பார்த்து விழும். சமதரையில் 45 டிகிரியில் கிளம்பி 45 டிகிரியில் விழுவதும் இதே செங்கோணம்தான்.

g-க்கு 9.8 போடுவதா, 10 போடுவதா?

கேள்வியில் கொடுத்ததைப் போடுங்கள். கொடுக்கவில்லையென்றால் 9.8. இந்தப் பாறையில் 10 போட்டால் நேரம் 2.97 நொடி, நெடுக்கம் 59.4 மீட்டர் என்று வரும், பெரிய மாற்றமில்லை. நேரத்தை 3 நொடிக்குப் பதில் 2.9 என்று பாதியில் வெட்டி எழுதுவதால் வரும் பிழை இதைவிடப் பெரிது. எண்களைக் கடைசி வரியில் மட்டும் வெட்டுங்கள்.

கல்லின் நிறை எங்கேயுமே வரவில்லை. பந்தை எறிந்தாலும் இதே விடைதானா? காற்றுத் தடை எவ்வளவு கெடுக்கும்?

காற்று இல்லையென்றால் இதே விடைதான். காற்று வந்ததும் நிறையும் வந்துவிடும்.

6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 300 கிராம். 20 மீ/வி வேகத்தில் போகும்போது காற்று அதைத் தடுக்கும் விசை கல்லின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு இருக்கும். வேகம் கூடினால் தடை அதன் இருமடியில் கூடும். ஆகவே தரையை நெருங்கும்போது அது எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். தோராயமாகப் போட்டுப் பார்த்தால் 60 மீட்டர் நெடுக்கத்தில் நான்கு மீட்டர் போல் குறையும். மோதும் வேகமும் 35-ஐ எட்டாது. இந்த அளவு பிழையைத் தாங்கலாம்.

மேசைப்பந்தை எறிந்தால் கதை முழுவதும் மாறிவிடும். அதன் குறுக்களவு 40 மில்லிமீட்டர், நிறை 2.7 கிராம்தான். காற்றில் விழும்போது நொடிக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 மீட்டருக்கு மேல் அதன் வேகம் ஏறவே ஏறாது, அந்த வேகத்திலேயே காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு 35.56 மீ/வி என்று விடை எழுதினால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு பொருளுக்கு நம் கணக்கு பொருந்துமா என்று பார்க்க இது நல்ல வழி: அந்தப் பொருள் காற்றில் அடையக்கூடிய உச்ச வேகம், நீங்கள் கண்ட மோதும் வேகத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். நம் கருங்கல்லுக்கு அது 60 மீ/வி போல. இரண்டு மடங்குகூட இல்லை, அதனால்தான் அங்கேயும் சில மீட்டர் இழந்தோம்.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. காற்று வெறுமனே விடையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, இரண்டு பக்கமாகப் பிரிக்கும் முறையையே உடைக்கிறது. தடை விசை கல்லின் மொத்த வேகத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் வேகமாகப் போகும் கல்லின் மொத்த வேகம் அதிகம், எனவே அதன் செங்குத்துத் திசையில் விழும் தடையும் அதிகம். வலப்பக்கக் கணக்குக்கு இப்போது இடப்பக்கத்து எண் தேவைப்படுகிறது. அதனால் பாறையிலிருந்து கைவிட்ட கல் முதலில் விழும், வேகமாக எறிந்த கல் சற்றுப் பின்னால் விழும். முதல் கேள்வியில் சொன்ன ஒரே சத்தம் மேசை உயரத்தில் உண்மை, ஏனென்றால் அங்கே வேகங்கள் சிறியவை, நேரம் 0.4 நொடிகூட இல்லை. வெற்றிடத்தில் அது எந்த உயரத்திலும் உண்மை.

வீட்டிலேயே அளந்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

மேசைதான் உங்கள் பாறை. 1608-ல் பதுவாவில் கலிலியோ செய்ததும் இதுதான்: சாய்வுப் பலகையில் குண்டை உருட்டி, மேசை விளிம்பிலிருந்து பாயவிட்டு, அது தரையில் விழுந்த தூரங்களைத் தன் குறிப்புத் தாளில் எழுதி வைத்தார். எறிபொருளின் பாதை பரவளையம் என்று அவர் அச்சில் வெளியிட்டது 1638-ல்.

ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு, சாய்வாக வைக்க ஒரு பள்ளமான தகடு அல்லது இரண்டு அளவுகோல்கள் போதும். சாய்வின் அடிமுனை மேசைமேல் சற்றுத் தூரம் மட்டமாக ஓடட்டும், அப்போதுதான் குண்டு விளிம்பைவிட்டுக் கிடைத்தளமாகக் கிளம்பும். விளிம்பிலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, நேர்கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். நெடுக்கத்தை அங்கிருந்துதான் அளக்க வேண்டும், மேசைக் காலிலிருந்து அல்ல. குண்டு விழும் இடத்தில் வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் தாள். ஒவ்வொரு முறையும் சாய்வில் ஒரே குறியிலிருந்து விடுங்கள், தள்ளக் கூடாது.

மேசையின் உயரம் 78.4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.784 = 4.9 t², நேரம் 0.4 நொடி. புள்ளிகள் 60 சென்டிமீட்டர் தூரத்தில் குவிந்திருந்தால் குண்டு விளிம்பைவிட்ட வேகம் 0.6 ÷ 0.4 = 1.5 மீ/வி. அப்புறம் சாய்வில் இரு மடங்கு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். வேகம் √2 மடங்கு ஆக வேண்டும், விழும் நேரம் மாறாது, ஆகவே புள்ளிகள் 85 சென்டிமீட்டரில் விழ வேண்டும். 85-க்கு நன்றாகக் குறைந்தால் சாய்விலோ மட்டத்திலோ குண்டு உரசி வேகத்தை இழக்கிறது. கூடினால் சாய்வின் அடிமுனை சற்று மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குண்டு கிடைத்தளமாகக் கிளம்பவில்லை.